ஏஐ படத்தில் குறி இல்லை என்றால் என்ன அர்த்தம்?

சந்தேகத்துக்குரிய ஒரு படத்தைச் சரிபார்க்கும் கருவியில் ஏற்றுகிறோம். 'எந்தக் குறியும் கிடைக்கவில்லை' என்று பதில் வருகிறது. உடனே பலர், 'அப்படியானால் இது நிஜமாக எடுத்த படம்தான்' என்று முடிவுகட்டி அடுத்தவருக்கும் அனுப்பிவிடுகிறார்கள். கருவி சொன்னது ஒன்று, இவர்கள் புரிந்துகொண்டது வேறொன்று. போலிப் படங்களைப் பரப்புகிறவர்களுக்கு இதைவிட வசதியான குழப்பம் கிடைக்காது.

ஏஐ படங்களில் இன்று போடப்படும் குறிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, கோப்போடு சேர்ந்து வரும் தகவலான மெட்டாடேட்டா. இன்னொன்று, படத்தின் புள்ளிகளுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் வாட்டர்மார்க். மூலையில் பளிச்சென்று தெரியும் லோகோவை யார் வேண்டுமானாலும் வெட்டிவிடலாம் என்பதால் அதை இங்கே விட்டுவிடுவோம். இந்த இரண்டு குறிகளும் கிடைத்தால் நிறையச் சொல்லும். கிடைக்காதபோது கிட்டத்தட்ட எதுவுமே சொல்லாது. ஏன் அப்படி என்று புரிய, ஒரு படம் உருவாகும் நிமிடத்திலிருந்து அது பல கைகள் மாறும் வரை அதைப் பின்தொடர்ந்து பார்க்கலாம்.

கோப்புக்குள் எழுதப்படுவது

ஒரு பாலம் இடிந்து ஆற்றுக்குள் விழுந்து கிடப்பது போல ஒருவர் ஏஐ கருவியில் படம் உருவாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1024க்கு 1024 புள்ளிகள் கொண்ட பிஎன்ஜி கோப்பு. பெரிய நிறுவனத்தின் கருவியாக இருந்தால் அந்தக் கோப்புக்குள் சி2பிஏ என்ற தரநிலையின்படி ஒரு சிறு ஆவணம் சேர்க்கப்பட்டிருக்க நல்ல வாய்ப்புண்டு. 2021 பிப்ரவரியில் அடோபி, பிபிசி, இன்டெல், மைக்ரோசாஃப்ட் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய அதே பெயருள்ள கூட்டமைப்பு வகுத்த தரநிலை இது. ஓபன்ஏஐ தன் டால்-ஈ 3 படங்களில் 2024 பிப்ரவரியில் இந்த ஆவணத்தைச் சேர்க்க ஆரம்பித்தது.

அந்த ஆவணத்தில் இருப்பவை எளிமையானவை: எந்த மென்பொருள் இதை உருவாக்கியது, என்னென்ன செய்யப்பட்டது, படத்தின் மூலம் எந்த வகை. ஏஐ உருவாக்கிய படம் என்றால் மூலத்தின் வகை `trainedAlgorithmicMedia` என்று எழுதப்பட்டிருக்கும். செய்தித் துறையின் தரநிலை அமைப்பான ஐபிடிசி வகுத்த சொல் அது. நிஜப் படத்தின் ஒரு பகுதியை மட்டும் ஏஐ மாற்றியிருந்தால் அதற்கு `compositeWithTrainedAlgorithmicMedia` என்று தனிச்சொல் இருக்கிறது.

இதையெல்லாம் யாரும் திருத்த முடியாதா? திருத்தலாம், ஆனால் திருத்தியது தெரிந்துவிடும். அதுதான் இந்த ஏற்பாட்டின் வலு. கோப்பில் அந்த ஆவணம் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, மீதியுள்ள எல்லா பைட்டுகளையும் சேர்த்து ஒரு ஹாஷ் எண் கணக்கிடப்படுகிறது. ஒரே ஒரு புள்ளியின் நிறம் மாறினாலும் அந்த எண் முழுக்க வேறாகிவிடும். ஹாஷ், மூலத்தின் வகை, செய்த வேலைகள் என அனைத்துக்கும் சேர்த்து நிறுவனம் தன் ரகசியச் சாவியால் டிஜிட்டல் கையெழுத்திடுகிறது. இணையதளங்கள் தம் அடையாளத்தை நிரூபிக்கப் பயன்படுத்துவது போன்ற சான்றிதழ்தான் இங்கேயும். சரிபார்க்கும் கருவி ஹாஷை மறுபடி கணக்கிட்டு, கையெழுத்தோடு ஒப்பிட்டு, சான்றிதழ் நம்பகமானவர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிறது.

கணினியில் இதை நாமே பார்க்கலாம். இரண்டும் இலவச நிரல்கள்தான்:

```
exiftool -a -G1 -s bridge.png
c2patool bridge.png
```

முதல் கட்டளை கோப்பிலுள்ள பொதுவான மெட்டாடேட்டாவைக் கொட்டும். இரண்டாவது சி2பிஏ ஆவணத்தைப் பிரித்து, கையெழுத்து செல்லுபடியாகிறதா என்றும் சொல்லும். கட்டளை எழுத விருப்பமில்லாதவர்கள் contentcredentials.org/verify பக்கத்தில் கோப்பை ஏற்றிப் பார்க்கலாம்.

நம் பாலத்தின் மூலக் கோப்பை இப்படிச் சோதித்தால் பதில் துல்லியமாக வரும்: இன்ன நிறுவனம், இன்ன கருவி, ஏஐ உருவாக்கியது. இதில் ஊகமே இல்லை. படத்தை உற்றுப் பார்த்து விரல்களை எண்ணுவதைவிட இது எவ்வளவோ மேல்.

முதல் ஃபார்வர்டிலேயே போய்விடுவது

சிக்கல் என்னவென்றால், மூலக் கோப்பு நம் கைக்கு வருவதே அபூர்வம். படத்தை உருவாக்கியவர் அதை ஒரு மெசேஜ் செயலியில் சாதாரணப் படமாக அனுப்புகிறார். செயலி படத்தைச் சிறிதாக்கி, ஜேபெக்காக மறுபடி சுருக்கிப் புதுக் கோப்பு ஒன்றை உருவாக்குகிறது. பழைய கோப்பிலிருந்த மெட்டாடேட்டா அதற்குள் வருவதில்லை. பெரும்பாலான சமூக ஊடகத் தளங்களும் காலகாலமாக இதைத்தான் செய்துவருகின்றன. அதே கோப்பை ஆவணமாக இணைத்து அனுப்பினால் மட்டும் பொதுவாக உள்ளதை உள்ளபடி போகும்.

இதற்காகச் செயலிகளைத் திட்டுவதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். போனில் எடுக்கும் படத்தின் மெட்டாடேட்டாவில் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். வீட்டில் எடுத்த குழந்தையின் படத்தைப் பொதுவெளியில் போடும் ஒருவரின் முகவரி அதோடு போகாமலிருக்கக் காரணம், தளங்கள் அதை நீக்கிவிடுவதுதான். அந்தரங்கத்தைக் காக்கும் அதே துடைப்பு படத்தின் பிறப்புச் சான்றையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. இடத் தகவலை நீக்கிவிட்டுக் கையெழுத்திட்ட ஆவணத்தை மட்டும் தக்கவைப்பது தொழில்நுட்ப ரீதியாக முடியாத காரியம் அல்ல. படங்களைப் பல அளவுகளில் மாற்றித் தரும் கிளவுட்ஃபிளேர் சேவை 2025இல் அந்த ஆவணத்தைக் காப்பாற்றும் வசதியைக் கொண்டுவந்தது. மற்ற தளங்களும் இதைச் செய்யாமலிருப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, தளங்கள் எல்லாம் திருந்திவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது. பாலத்தின் படத்தைத் திரையில் வைத்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் கிடைப்பது முற்றிலும் புதிய கோப்பு. மூலக் கோப்பிலிருந்து ஒரு பைட்கூட அதற்குள் வரவில்லை. அதன் மெட்டாடேட்டாவில் எடுத்த நேரம் இருந்தால் அது சரியாகவே இருக்கும். ஆனால் அது திரையைப் பிடித்த நேரம்தானே தவிர, படம் உருவான நேரம் இல்லை.

கையெழுத்து ஆவணத்தின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. திருத்தினால் மாட்டிக்கொள்வார்கள். மொத்தமாக நீக்கிவிட்டாலோ எந்த எச்சரிக்கையும் வராது. ஏனென்றால் உலகத்திலுள்ள பெரும்பாலான படங்களில் அந்த ஆவணம் முதலிலிருந்தே கிடையாது. நீக்கப்பட்ட படமும் எப்போதுமே இல்லாத படமும் பார்வைக்கு ஒன்றுதான்.

புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் குறி

அதனால்தான் இரண்டாவது குறி தேவைப்பட்டது. கூகுள் டீப்மைண்ட் 2023 ஆகஸ்டில் அறிமுகப்படுத்திய சிந்த்ஐடி இந்த வகையைச் சேர்ந்தது. பொதுவாக ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றின் அளவும் 0 முதல் 255 வரையிலான எண். அந்த எண்களைக் கண்ணால் பிரித்தறிய முடியாத அளவுக்கு அங்கங்கே கூட்டிக் குறைத்தால், படம் முழுக்க ஒரு மெல்லிய வடிவம் பரவியிருக்கும். அதை வாசிக்கத் தெரிந்த நிரலுக்கு மட்டும் தெரியும். கோப்பு மாறினாலும் புள்ளிகள் ஏறத்தாழ அப்படியே இருப்பதால், ஃபார்வர்டையும் ஸ்க்ரீன்ஷாட்டையும் இது தாண்டிவர முடியும்.

இதை எப்படி உறுதியாக்குகிறார்கள் என்பது சுவையான விஷயம். குறியைப் பதிக்கும் ஒரு நியூரல் வலையையும் வாசிக்கும் இன்னொரு வலையையும் சேர்த்தே பயிற்றுவிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் வேண்டுமென்றே படத்தைக் கெடுக்கிறார்கள்: சுருக்குவார்கள், வெட்டுவார்கள், வெளிச்சத்தை மாற்றுவார்கள். அத்தனைக்கும் பிறகு வாசிக்கும் வலை குறியைச் சரியாகச் சொல்லும் வரை பயிற்சி தொடரும். எந்தெந்தச் சேதத்துக்குப் பயிற்சி தரப்பட்டதோ அதைத் தாங்கும். பயிற்சியில் இல்லாத சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை.

வாசிக்கும்போது என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சரிபார்ப்பு பற்றிய பல தவறான எண்ணங்கள் இங்கிருந்துதான் வருகின்றன. பதித்த குறி 48 பிட் நீளம் என்று வைத்துக்கொள்வோம். மெட்டா ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஸ்டேபிள் சிக்னேச்சர் முறையில் இதே அளவுதான். வாசிக்கும் நிரல் எந்தப் படத்தைக் கொடுத்தாலும் 48 பிட்டுகளைத் தரும். குறியே இல்லாத படத்திலிருந்தும் ஏதோ 48 பிட்டுகள் வரும். அவற்றில் சுமார் பாதி, அதாவது 24, தற்செயலாகவே நம் குறியோடு பொருந்திவிடும். ஆகவே 'இருக்கிறது' என்று சொல்ல எத்தனை பிட்டுகள் பொருந்த வேண்டும் என்று ஓர் எல்லை வகுத்தாக வேண்டும்.

எல்லை 41 என்றால், குறியில்லாத ஒரு படம் தற்செயலாக அதைத் தொடும் வாய்ப்பு சுமார் 32 லட்சத்தில் ஒன்று. இப்போது நம் பாலத்தின் படம் பலமுறை சுருங்கி, ஓரம் வெட்டப்பட்டு, மேலே பெரிய எழுத்தில் 'அவசரம்' என்று எழுதப்பட்டு வந்து சேர்கிறது. அதிலிருந்து 38 பிட்டுகள்தான் சரியாக வாசிக்கப்படுகின்றன. நிரல் 'இல்லை' என்று சொல்லிவிடும். அந்தப் படத்தையும் பிடிக்க எல்லையை 36ஆகக் குறைத்தால் தற்செயல் வாய்ப்பு சுமார் 2,800இல் ஒன்றாக ஏறிவிடுகிறது. ஒரு தளத்தில் நாளுக்குப் பத்து லட்சம் நிஜப் படங்கள் ஏறினால், 41 என்ற எல்லையில் மூன்று நாளுக்கு ஒரு நிஜப் படம் மாட்டும். 36 என்ற எல்லையில் தினமும் 350க்கு மேற்பட்ட நிஜப் படங்கள் 'ஏஐ' என்று முத்திரை குத்தப்படும். அத்தனை பேர் மீது தினமும் பொய்ப் பழி விழுவதை எந்தத் தளமும் விரும்பாது. அதனால் எல்லையை உயரத்தில்தான் வைப்பார்கள். சேதப்பட்ட சில ஏஐ படங்கள் தப்பித்துப் போவது கருவியின் குறை இல்லை, தெரிந்தே கொடுக்கும் விலை.

இன்னொரு வரம்பும் உண்டு. ஒரு நிறுவனத்தின் வாசிப்பு நிரல் அந்த நிறுவனத்தின் குறியை மட்டும்தான் அறியும். சிந்த்ஐடியைத் தேடும் கருவி 'இல்லை' என்றால் சிந்த்ஐடி இல்லை என்றுதான் பொருள். வேறொரு நிறுவனத்தின் கருவி உருவாக்கிய படம் அங்கே சுத்தமாகத் தெரியும். எல்லாக் குறிகளையும் வாசிக்கும் பொதுவான கருவியை எல்லோருக்கும் திறந்துவிடலாமே என்றால் அதிலும் ஆபத்து இருக்கிறது. படத்தைத் துளித்துளியாக மாற்றி, கருவியிடம் மறுபடி மறுபடி காட்டி, எந்த மாற்றத்தில் 'இல்லை' என்ற பதில் வருகிறது என்று தேட முடியும். கூகுள் 2025 மே மாதம் அறிவித்த தனிச் சரிபார்ப்புத் தளத்தை முதலில் பத்திரிகையாளர்கள், ஆய்வாளர்கள் போன்றோருக்கு மட்டும் படிப்படியாகக் கொடுத்தது.

குறியைக் கழற்றுகிறவர்கள்

இதுவரை சொன்னது அறியாமல் நடக்கும் சேதம். வேண்டுமென்றே செய்தால்? 2022 ஆகஸ்டில் வெளியான, படம் உருவாக்கும் ஏஐ மாடலான ஸ்டேபிள் டிஃப்யூஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூல நிரலிலேயே வாட்டர்மார்க் பதிக்கும் ஏற்பாடு இருந்தது. பதித்தது இந்த ஒரு வரி:

```
img = put_watermark(img, wm_encoder)
```

நிரல் எல்லோருக்கும் திறந்தது. இந்த வரியை அழித்துவிட்டால் வாட்டர்மார்க் கிடையாது. தன் கணினியிலேயே திறந்த மாடலை ஓட்டும் ஒருவரை எந்தக் குறி ஏற்பாடும் கட்டுப்படுத்தாது. ஏமாற்றத் திட்டமிடுகிறவர் முதலில் போவதும் அங்கேதான். குறி போடும் பெரிய நிறுவனங்களின் கருவிகளில் நாம் பிடிப்பது பெரும்பாலும் விளையாட்டாகச் செய்தவர்களையும் விவரம் தெரியாதவர்களையும்தான்.

ஏற்கெனவே பதிந்த குறியைக் கழற்றவும் வழி இருக்கிறது. படத்தின் மேல் கொஞ்சம் இரைச்சலை, அதாவது தாறுமாறான புள்ளி மாற்றங்களைத் தூவி, பிறகு இன்னொரு ஏஐ மாடலிடம் கொடுத்து இரைச்சலை நீக்கச் சொல்வது. மெல்லிய குறி இரைச்சலில் மூழ்கிவிடும். மாடல் பாலத்தையும் ஆற்றையும் மீண்டும் வரையும், குறியை வரையாது, ஏனென்றால் அது அங்கே இருந்ததே மாடலுக்குத் தெரியாது. இந்த முறையை 2023இல் ஆய்வாளர்கள் விரிவாக விளக்கிக் காட்டினார்கள். குறி கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பது நிபந்தனை. தெரியாது என்றால், அது இல்லாத படமும் பார்வைக்கு அதே தரத்தில்தான் இருக்கும். அப்படியொரு படத்தைத் தேடிப் போக எப்போதும் பாதை இருக்கும்.

இதற்கு மாற்றாக மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைத்த ட்ரீ-ரிங் முறையில், முடிந்த படத்தைத் தொடுவதில்லை. ஏஐ மாடல் எந்த வெறும் இரைச்சலிலிருந்து படத்தை வரையத் தொடங்குகிறதோ, அந்த இரைச்சலிலேயே வளைய வடிவக் குறியை வைத்துவிடுகிறார்கள். படத்தின் அமைப்பே அந்தக் குறியோடு பிணைந்திருப்பதால் லேசான மறுவரைவு அதை எளிதில் அழிப்பதில்லை. பலமாக மறுவரைந்தால் அதுவும் போகலாம், ஆனால் அப்போது படமும் வேறு படமாகத் தொடங்கிவிடும். ஏமாற்றுகிறவருக்கு வேலை கூடுகிறது, அவ்வளவுதான்.

நிஜத்தின் மேல் விழும் குறி

குறி கிடைத்துவிட்டால் மட்டும் எல்லாம் தெளிவா? இங்கேயும் நிதானம் வேண்டும். 2024 மே மாதம் மெட்டா தன் தளங்களில் 'ஏஐ கொண்டு உருவாக்கப்பட்டது' என்ற பொருளில் முத்திரை போட ஆரம்பித்தது. மெட்டாடேட்டாவில் ஏஐ பற்றிய குறிப்பு இருந்தால் முத்திரை விழும். நிஜமாக எடுத்த படத்தில் ஒரு சிறு தூசியைத் திருத்தும் மென்பொருளின் ஏஐ வசதியால் நீக்கிய புகைப்படக்காரர்களின் படங்களிலும் அது விழுந்தது. பெரும் எதிர்ப்புக்குப் பிறகு ஜூலையில் வாசகத்தை 'ஏஐ தகவல்' என்று மாற்றினார்கள். முழுக்க உருவாக்கியதா, பகுதி மாற்றியதா என்ற வேறுபாட்டைக் கோப்பு சொல்ல முடியும். அதை ஒரே முத்திரையாக நசுக்கியது தளம்.

இதைவிடக் கவலை தருவது வேண்டுமென்றே செய்யும் தலைகீழ் வேலை. பாலம் உண்மையிலேயே இடிந்து, அதை ஒருவர் நிஜமாகப் படம் எடுத்திருக்கிறார் என்று வையுங்கள். அந்தப் படத்தை மறைக்க விரும்பும் ஒருவர் அதை வாட்டர்மார்க் போடும் ஏஐ கருவியில் ஏற்றி 'தெளிவாக்கு' என்று மட்டும் சொன்னால் போதும். வெளியே வரும் படத்தில் குறி இருக்கும். அதைப் பரப்பிவிட்டு, 'பாருங்கள், ஏஐ என்று கருவியே சொல்கிறது' என்பார். கருவி பொய் சொல்லவில்லை. அந்தக் கோப்பு ஏஐ வழியாக வந்தது உண்மைதான். சம்பவம் நடக்கவில்லை என்று மட்டும் அதிலிருந்து முடிவு செய்ய முடியாது.

'இது கேமராவில் எடுத்தது' என்ற கையெழுத்தும் தவறலாம். படம் எடுக்கும்போதே சி2பிஏ கையெழுத்திடும் முதல் கேமரா 2023 அக்டோபரில் வந்த லைக்கா எம்11-பி. நிக்கானும் தன் இசட்6 மூன்றாம் தலைமுறைக் கேமராவில் இதைக் கொண்டுவந்தது. 2025 செப்டம்பரில் அதில் ஓர் ஓட்டை வெளியானது. பல படங்களை ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்க்கும் வசதியைப் பயன்படுத்தி, கையெழுத்து இல்லாத வெளிப் படத்தையும் கேமராவே எடுத்தது போலக் கையெழுத்திட வைக்க முடிந்தது. நிக்கான் சேவையை நிறுத்தி, அதுவரை வழங்கிய சான்றிதழ்களை ரத்து செய்தது. ஓட்டையைப் பயன்படுத்தாத நேர்மையான பயனர்களின் சான்றிதழ்களும் அதோடு போயின.

அப்படியானால் பாலத்தின் படம் நம் கைக்கு வந்தால் என்ன செய்வது? முதலில், வந்த பிரதியை விட்டுவிட்டு, ரிவர்ஸ் இமேஜ் தேடலில் கிடைக்கும் மிகப் பழைய, மிகப் பெரிய அளவிலான பிரதியைப் பிடிக்க வேண்டும். குறி பிழைத்திருக்க வாய்ப்பு அங்கேதான் அதிகம். அதில் செல்லுபடியாகும் கையெழுத்து இருந்தால், யார் கையெழுத்திட்டது, மூலத்தின் வகை என்ன என்ற இரண்டையும் வாசிக்க வேண்டும். வாட்டர்மார்க் மட்டும் கிடைத்தால், 'இந்தப் பிரதி இன்ன நிறுவனத்தின் ஏஐ வழியாக வந்திருக்கிறது' என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, குறியில்லாத இன்னொரு பழைய பிரதி எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, ஏஐ உருவாக்கியதா, பிறகு அதன் வழியாகச் சென்றதா என்பது பெரும்பாலும் புலப்படும்.

இரண்டுமே கிடைக்கவில்லை என்றால் குறிகள் வழியாகச் செய்யக்கூடியது முடிந்துவிட்டது. அப்புறம் பழைய முறைதான்: அந்த இடத்திலிருந்து வேறு கோணத்தில் யாராவது எடுத்த படம் இருக்கிறதா, பாலத்தின் தூண்களும் கரையும் செயற்கைக்கோள் படத்தோடு பொருந்துகின்றனவா, முதலில் வெளியிட்டவரிடம் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும் கேமராவின் மூலக் கோப்பும் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும்.